மாத நடுவில் சந்தாவை நிறுத்தினால் பணம் ஏன் வருவதில்லை, எப்போது நாள் கணக்கில் வந்தே தீர வேண்டும்: முழுமையான வழிகாட்டி

காட்பாடியில் நான் நடத்தும் இணையசேவைக் கடைக்கு மாதந்தோறும் சிலராவது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "பத்து நாள்தான்ணா பார்த்தேன், நிறுத்திட்டேன், மிச்ச இருபது நாளுக்குப் பணம் எப்போ வரும்?" பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில், வராது என்பதே. ஆனால் பணம் உறுதியாக வர வேண்டிய சிலர், எப்படியும் தரமாட்டார்கள் என்று தாங்களே முடிவுகட்டி, கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டு தவறுகளும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. அந்த இடத்தையும், அதற்குப் பின் செய்ய வேண்டியவற்றின் வரிசையையும் கீழே எழுதியிருக்கிறேன். வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஆறு அறைகள் கொண்ட சிறு லாட்ஜை நடத்தும் ஒருவரின் பிராட்பேண்ட் கணக்கை, முழுவதும் போட்டுக் காட்டும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

## 1. எதையும் நிறுத்துவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் இன்வாய்ஸை எடுங்கள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை மட்டும் காட்டுபவர்களே அதிகம். அதில் தொகையும் தேதியும் இருக்கும், எந்த நாள் முதல் எந்த நாள் வரைக்குமான பணம் என்பது இருக்காது. வராத நாட்களுக்கு எவ்வளவு பணம் என்று பிரித்துப் பார்க்கும் நாள் கணக்கு முழுவதும் அந்தக் காலவரம்பின் மீதுதான் நிற்கிறது. இன்வாய்ஸில் அடிப்படைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அதுவும் பின்னால் தேவைப்படும்.

அடுத்து, நீங்கள் சேர்ந்த நாளில் இருந்த நிபந்தனைகள். நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைப் பக்கத்தை அவ்வப்போது மாற்றுகின்றன. நிறுத்தும் நாளில் அங்கே போய்ப் பார்த்தால் கிடைப்பது புதிய வாசகமாக இருக்கக்கூடும். சேர்ந்தபோது வந்த மின்னஞ்சலில் பெரும்பாலும் அதன் நகல் அல்லது இணைப்பு இருக்கும். நிறுத்துதல், பணம் திருப்புதல் பற்றிய பத்தியை மட்டும் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, சேவை நின்றுபோயிருந்தால் அதற்கான சான்று. தொலைபேசியில் புகார் சொல்லிவிட்டு, அவர்கள் கொடுக்கும் டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் விடுவதே நான் பார்த்தவற்றில் மிக அதிக நஷ்டம் தரும் பிழை. அதன் விலை எவ்வளவு என்பது ஆறாவது பகுதியில் ரூபாயாகவே தெரியும்.

## 2. மாதத்தை முறித்தவர் யார் என்று முதலில் தீர்மானியுங்கள்

கணக்குப் போடுவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சேவை ஒழுங்காக வந்துகொண்டிருந்து, உங்களுக்குத் தேவையில்லை என்பதால் நீங்கள் விலகுகிறீர்களா? அல்லது பணத்தை வாங்கியவர் சேவையைத் தரவில்லையா, பாதியில் முடித்துக்கொண்டாரா?

முதல் நிலையில் ஒப்பந்தத்தின் வாசகம்தான் பேசும். அந்த வாசகம் பெரும்பாலும் உங்களுக்கு எதிராகவே எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது நிலையில் வாசகம் என்னவாக இருந்தாலும் சட்டம் உள்ளே வருகிறது. இந்தப் பாகுபாட்டைச் செய்யாமல் எழுதும் கடிதங்கள் தோற்பதற்குக் காரணம், சேவை நின்றுபோனதால் வெளியேறியவர்கள்கூட "எனக்கு இனி வேண்டாம், ரத்து செய்யவும்" என்றே எழுதிவிடுவதுதான். அந்த ஒரு வரியால் நீங்களே விலகியவராகிவிடுகிறீர்கள்.

## 3. நீங்களே விலகினால் பணம் ஏன் வருவதில்லை

காட்பாடிப் பக்கத்து மாணவர் மெஸ்களில் இரண்டு வகை உண்டு. டோக்கன் வாங்கினால் சாப்பிடாத டோக்கன் உங்கள் கையில் மதிப்போடு இருக்கும். மாதக் கார்டு வாங்கினால் பத்தாம் நாள் ஊருக்குப் போனாலும் மிச்ச நாட்களுக்குப் பணம் கேட்க முடியாது, ஏனென்றால் நீங்கள் வாங்கியது முப்பது சாப்பாடுகளை அல்ல, அந்த மாதம் முழுவதும் வந்து சாப்பிடலாம் என்ற அனுமதியை. ஆனால் பொங்கலுக்கு மெஸ்காரரே நான்கு நாள் மூடினால், அந்த நாட்களைக் கழித்துக்கொள்வது வழக்கம். சந்தாக்கள் ஏறக்குறைய எல்லாமே மாதக் கார்டு வகையைச் சேர்ந்தவை.

ஆகவே, ரத்து என்ற சொல்லுக்கு இங்கே பொருள் வேறு. அது "இன்றோடு முடித்து மிச்சத்தைக் கொடு" என்பதல்ல. "அடுத்த முறை புதுப்பிக்காதே" என்பதுதான். நெட்ஃபிளிக்ஸ் தன் நிபந்தனையிலேயே, கட்டிய பணம் திரும்பாது, பாதி பயன்படுத்திய காலத்துக்குக் கழிவும் கிடையாது என்று எழுதியிருக்கிறது; மாறாக, கட்டிய காலம் முடியும்வரை நீங்கள் தொடர்ந்து பார்க்கலாம். கூகுள் பிளே வழியாக எடுத்த சந்தாக்களிலும் ரத்து செய்தபின் கட்டிய காலம் முடியும்வரை சேவை இருப்பதே பொது வழக்கம்.

பில் போடும் மென்பொருளும் இதையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. உலகெங்கும் சிறு நிறுவனங்கள் பயன்படுத்தும் ஸ்ட்ரைப் போன்ற அமைப்பில் இதற்கென இரண்டு சுவிட்சுகள் உண்டு.

```
cancel_at_period_end = true
prorate = false
```

முதலாவது, காலம் முடியும்போது நிறுத்து என்பது. இரண்டாவது, உடனே நிறுத்தும்போது நாள் கணக்குப் போட வேண்டுமா என்பது. நிறுவனம் தானாக அதை இயக்காவிட்டால் நாள் கணக்கே போடப்படாது. இயக்கியிருந்தாலும் மிச்ச நாட்களுக்கான பங்கு உங்கள் வங்கிக்கு நேராக வந்துவிடுவதில்லை, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும் வரவாக உங்கள் கணக்கில் ஏறி நிற்கும். விலகியவருக்கு அடுத்த பில்லே வராது என்பதால், அந்த வரவு அங்கேயே கிடக்கும். உங்கள் கணக்குப் பக்கத்தில் "வரவு இருப்பு" என்று ஏதேனும் தொகை தெரிந்தால், அதை வங்கிக்குத் திருப்பும்படி தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

இந்த வகையில் சண்டை போட்டு வென்றவர் எவரையும் நான் பார்த்ததில்லை. நேரத்தைச் செலவிடாமல் நான்காம் பகுதியில் உள்ள வரிசையைப் பின்பற்றி, அடுத்த மாதப் பணம் போகாமல் பார்த்துக்கொள்வதே இங்கே மிச்சம்.

## 4. விலகும்போது பின்பற்ற வேண்டிய வரிசை

முதலில் புதுப்பிப்புத் தேதியைக் கண்டுபிடியுங்கள். அது ஒன்றாம் தேதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான சந்தாக்களில் நீங்கள் சேர்ந்த தேதியே ஒவ்வொரு மாதமும் திரும்ப வரும். அந்தத் தேதிக்கு ஓரிரு நாள் முன்பே ரத்து செய்யுங்கள். ஆப்பிள் சந்தாக்களில், குறிப்பாக இலவச சோதனைக் காலத்தில், குறைந்தது 24 மணி நேரம் முன்பே செய்துவிட வேண்டும்.

அடுத்ததாகச் சந்தாவை அதன் சொந்தப் பக்கத்தில் ரத்து செய்து, உறுதிச் செய்தியைப் படம் பிடியுங்கள். செயலியை மொபைலிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் ஒருவர் அதே பிழையோடு வந்து நிற்பார்.

ஆட்டோபே அனுமதியை நீக்குவது கடைசியாகத்தான் வர வேண்டும். பலர் யுபிஐ செயலியில் ஆட்டோபேயை மட்டும் நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ஆட்டோபே என்பது பணம் போகும் குழாய்; ஒப்பந்தம் வேறு. சில சேவைகளில் குழாய் அடைபட்டதும் சந்தா தானாக முடிந்துவிடும்; மாதக் கடைசியில் பில் போடும் சேவைகளிலோ பாக்கி ஏறிக்கொண்டே போகும். ரத்து செய்தபின் குழாயை மூடுவது, அவர்கள் தவறுதலாகப் பணம் எடுப்பதைத் தடுக்க மட்டுமே.

ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலும் யுபிஐயிலும் தானாகப் போகும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தச் செய்தி வந்ததும் செயல்படுங்கள். தவறிப்போய்ப் பணம் எடுக்கப்பட்டுவிட்டால், கூகுள் பிளேயில் முதல் 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்கும் வழி இருக்கிறது. அதற்குப் பின் செயலியை நடத்துபவரிடம்தான் போக வேண்டும். ஆப்பிளில் reportaproblem.apple.com என்ற பக்கத்தில் கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. இவை முழுத் தொகையைத் திருப்பிக் கேட்கும் வழிகள், நாள் கணக்குக்கானவை அல்ல.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் மூன்றாம் தேதி ரத்து செய்து உறுதிச் செய்தியும் வந்தபின், ஐந்தாம் தேதி பணம் போனால், அது நாள் கணக்குப் பிரச்சினையே அல்ல. அனுமதி இல்லாமல் எடுத்த பணம், முழுவதையும் கேளுங்கள்.

## 5. நாள் கணக்கில் பணம் கடமையாகும் இடங்கள்

சேவை வராத நாட்கள். வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட், தரைவழித் தொலைபேசி ஆகியவற்றில் பழுதைச் சரிசெய்ய மூன்று நாட்களுக்கு மேலானால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத் தர விதிகள் சொல்கின்றன. போஸ்ட்பெய்டுக்கு அது பில்லில் கழிவாகவும், ப்ரீபெய்டுக்குக் காலநீட்டிப்பாகவும் வரும். இங்கே நீங்கள் விலகத் தேவையே இல்லை. இணைப்பை வைத்துக்கொண்டே கேட்கலாம்.

நிறுவனமே முடித்துக்கொள்வது. முன்பணம் வாங்கியபின் உங்கள் பகுதியில் சேவையை நிறுத்துவது, கடையை மூடுவது, நீங்கள் எடுத்த திட்டத்தையே எடுத்துவிடுவது ஆகியவை இதில் அடங்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(47) பிரிவு, குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்ப மறுப்பதை நியாயமற்ற வணிக முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ரசீதில் காலக்கெடு குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கடிதத்தில் இந்த 30 நாளைத்தான் நான் பயன்படுத்துகிறேன்.

மேல்திட்டத்துக்கு மாறுவது. ஆப்பிளில் ஒரே சேவையின் கூடுதல் விலைத் திட்டத்துக்கு மாதநடுவில் மாறினால், பழைய திட்டத்தின் மிச்ச நாட்களுக்கான பங்கு தானாகத் திரும்பும். குறைந்த விலைத் திட்டத்துக்கு மாறினால் மாற்றம் அடுத்த புதுப்பிப்பில்தான் நடக்கும், பணம் எதுவும் வராது. மாதநடுவில் விலை குறைந்த திட்டத்தை எடுத்துவிட்டு வித்தியாசத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

விதியே பங்கைத் தரச் சொல்லும் துறை. வேலூரில் பெற்றோர்கள் அதிகமாகக் கேட்பது நீட் பயிற்சிக் கட்டணத்தைப் பற்றித்தான். ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய நெறிமுறைகளில், முழுக் கட்டணமும் கட்டிய மாணவர் பாதியில் விலகினால் மிச்சக் காலத்துக்கான தொகையை 10 நாட்களுக்குள் திருப்ப வேண்டும், மையத்தின் விடுதியில் இருந்தால் விடுதி, மெஸ் கட்டணங்களுக்கும் இது பொருந்தும் என்று இருக்கிறது. மாணவர் தானே விலகினாலும் பங்கு உண்டு என்பதால், இது மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. ஆனால் இது மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டிய நெறிமுறை. தானே ஒரு சட்டம் அல்ல. எனவே கடிதத்தில் இதைத் துணை வாதமாக வையுங்கள், ஒரே வாதமாக வைக்காதீர்கள்.

## 6. லாட்ஜ் கணக்கு, நாள் நாளாக

அந்த லாட்ஜில் தங்குபவர்கள் பெரும்பாலும் சிகிச்சைக்கு வரும் வெளிமாநிலக் குடும்பத்தினர். வைஃபை இல்லை என்றால் அடுத்த நாளே அறையை மாற்றிவிடுவார்கள். உரிமையாளர் ஆறு மாத ப்ரீபெய்ட் திட்டத்தில், ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரைக்கும் மாதம் 1,000 ரூபாய் வீதம் 6,000 ரூபாயும், 18 சதவீத ஜிஎஸ்டி 1,080 ரூபாயும் சேர்த்து, 7,080 ரூபாய் கட்டியிருந்தார். மாதாமாதம் கட்டினால் அதே திட்டம் 1,400 ரூபாய்.

ஆகஸ்ட் 20 அன்று சந்தில் கால்வாய் தோண்டியவர்கள் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டார்கள். மோடத்தில் LOS என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒளி சிக்னல் மோடத்துக்கு வந்து சேரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பழுது உங்கள் வைஃபையிலோ லேப்டாப்பிலோ இல்லை, மோடத்துக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. அந்த விளக்கையும், கம்பத்தில் நீல டேப் சுற்றித் தொங்கிய அறுந்த கேபிள் முனையையும் அவர் அன்றே படம் எடுத்து, புகார் செய்து, டாக்கெட் எண்ணையும் வாங்கினார். ஐந்து நாள் கழித்து வந்த ஆள் பார்த்துவிட்டுப் போனார். செப்டம்பர் 10 அன்று, இந்தச் சந்தில் இனி இணைப்பு தர இயலாது என்று செய்தி வந்தது.

இப்போது கணக்கு. ஜூனில் 30, ஜூலையில் 31, ஆகஸ்ட் 19 வரை 19, ஆக 80 நாட்கள் சேவை வந்திருக்கிறது. மொத்தக் காலம் 183 நாட்கள். மிச்சம் 103 நாட்கள்.

```
7080 × 103 ÷ 183 = 3984.92
```

நிறுவனம் முதலில் தருவதாகச் சொன்ன தொகை இதுவல்ல, 2,124 ரூபாய். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என மூன்று முழு மாதங்களை, சலுகை இல்லாத 1,400 ரூபாய் வீதத்தில் வைத்து, ஜிஎஸ்டியோடு 4,956 ரூபாயைக் கழித்திருந்தார்கள். சலுகையைத் திரும்பப் பிடிக்கும் இந்த முறை நிபந்தனையில் எழுதப்பட்டிருந்து, வாடிக்கையாளர் தானே விலகினால், எதிர்த்து வாதாடுவது கடினம். ஆறு மாதம் இருப்பேன் என்று சொல்லித்தானே குறைந்த விலை வாங்கினார். ஆனால் ஆறு மாதத்தை முடிக்க முடியாமல் செய்தது நிறுவனமே என்னும்போது, சலுகையைத் திரும்பப் பிடிக்க அதற்கு அடிப்படை இல்லை. இரண்டாம் பகுதியின் கேள்வி இங்கேதான் பணமாக மாறுகிறது.

டாக்கெட் எண்ணின் மதிப்பையும் பார்த்துவிடலாம். அது இல்லாமல் போயிருந்தால், சேவை செப்டம்பர் 10 அன்றுதான் நின்றது என்று நிறுவனம் சொல்லியிருக்க முடியும். அப்போது வந்த நாட்கள் 101, மிச்சம் 82, தொகை 3,172 ரூபாய். ஒரு எண்ணை எழுதி வைத்ததற்கு 812 ரூபாய்.

நாள் கணக்கில் எல்லோரும் தடுமாறும் இடம், 30 நாளை மாதம் என்று வைத்துக்கொண்டு 180ஆல் வகுப்பது. இன்வாய்ஸில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து உண்மையான நாட்களை எண்ணுங்கள். உங்கள் எண்ணிக்கை ஒரு நாள் பிசகினால்கூட, எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கணக்கையும் சந்தேகிக்கும்.

மோடத்துக்குக் கட்டிய டெபாசிட் இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததும் முழுவதுமாக வர வேண்டிய வேறு பணம். மோடத்தை எடுக்க வருபவரிடம் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள்.

## 7. கடிதம்

மின்னஞ்சலாகவே அனுப்புங்கள், வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டியில் எழுதியது பிறகு கிடைக்காமல் போகலாம். கடிதம் நீளக் கூடாது. லாட்ஜ்காரருக்காக நாங்கள் எழுதியதன் சாரம் இதுதான்:

"இன்ன எண் இன்வாய்ஸின்படி ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரைக்கும் 7,080 ரூபாய் செலுத்தியுள்ளேன். ஆகஸ்ட் 20 முதல் சேவை இல்லை. டாக்கெட் எண் இது. செப்டம்பர் 10 அன்று தங்கள் நிறுவனமே சேவையை முடித்துக்கொண்டது. நான் விலகவில்லை. வராத 103 நாட்களுக்கான 3,984.92 ரூபாயை, பணம் செலுத்திய அதே கணக்குக்கு, 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும். அடுத்த பில்லில் கழிவாகவோ வேறு திட்டமாகவோ ஏற்க இயலாது."

"நான் விலகவில்லை" என்ற இரண்டு சொற்களுக்காகத்தான் மற்ற வரிகள் எல்லாம். கடைசி வரியும் தேவை. இணைப்பே இல்லாத ஒருவருக்கு அடுத்த பில்லில் கழிவு தருவதாகப் பதில் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. பட்ட சிரமம், போன வாடிக்கையாளர்கள், ஊழியரின் பேச்சு ஆகியவற்றை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் பதில் எழுதுபவர் அதற்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தொகையைத் தொடாமல் போய்விடுவார்.

## 8. பதில் வரவில்லை என்றால்

பிராட்பேண்ட், தொலைபேசி சேவைகளில் புகார் மையத்துக்கு அடுத்த படி, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. மேல்முறையீட்டை 39 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது டிராய் விதி. டாக்கெட் எண் இல்லாமல் அங்கே மேல்முறையீடு செய்ய முடியாது. மற்றச் சந்தாக்களுக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகிறார்கள். சிறு தொகைகள் பல இந்தக் கட்டத்திலேயே வந்துவிடுகின்றன.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். தொழிலுக்காக வாங்கிய சேவை என்றால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்ற எதிர்ப்பு எழும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு கடை என்றால், அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது நல்லது.

லாட்ஜ்காரர் மேல்முறையீட்டோடு நின்றார். சில வாரங்களில் அவர் கணக்குக்கு 3,377 ரூபாய் வந்தது. "வந்த வரைக்கும் லாபம்ணா, விட்டுடலாம்" என்றார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தோம்: 7,080க்குப் பதிலாக, ஜிஎஸ்டி இல்லாத 6,000 ரூபாயை 103ஆல் பெருக்கி 183ஆல் வகுத்திருந்தார்கள். வராத சேவைக்கான வரி வராத சேவையோடு திரும்ப வேண்டியதுதான். நிறுவனம் பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டுத் தன் வரிக்கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள முடியும் என்பதால், அவர்களுக்கும் அதில் நஷ்டம் இல்லை. வாடிக்கையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற்று, கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு எடுத்தவராக இருந்தால் இந்தப் பங்கைத் தன் கணக்கில் திருப்பிக் காட்ட வேண்டும். இவர் பதிவு பெறாதவர், எனவே முழுவதும் இவருடைய பணம். கிரெடிட் நோட்டையும் மிச்சம் 608 ரூபாயையும் கேட்டு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் இரண்டும் வந்தன.